வரவேற்புரை வழிதவறும் இடங்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

பினாங்கு மாநிலம் பிறையில் லோரிக் கம்பெனி நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், கம்பெனியின் 40ஆம் ஆண்டு விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஏழு நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். “டீச்சர், மேடையில நான்தான் வரவேற்புரை. மூணு நிமிசம்தான் குடுத்திருக்காங்க. மனசுல வந்ததெல்லாம் பேசி அனுப்பியிருக்கேன், கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் குடுங்க” என்றார். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். பட்டர்வொர்த், பிறை பக்கத்து விருந்துகளுக்கு இப்படிப் பல உரைகளைத் திருத்தித் தந்திருக்கிறேன். கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். இந்த ஒரு பதிவில் எல்லாமே இருந்ததால் இதையே வைத்து விளக்குகிறேன். பெயர்களை எடுத்துவிட்டுப் பட்டங்களையும் பதவிகளையும் மட்டும் விட்டிருக்கிறேன்.

குரல் பதிவைக் கேட்டு எழுதி, திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தபின் மிஞ்சியது இது:

> எல்லாருக்கும் வணக்கம். அப்புறம் டத்தோ வந்திருக்காரு, டத்தினும் வந்திருக்காங்க, ரொம்ப சந்தோசம். லோன் குடுத்த நம்ம பேங்க் மேனேஜரும் வந்திருக்காரு. அப்பா எம்பத்தாறுல ஒரே ஒரு பழைய லோரியோட ஆரம்பிச்சாரு, அப்ப பாலமே கெடையாது, தீவுக்குப் போகணும்னா ஃபெரியிலதான் ஏத்தணும், விடிய விடிய கியூல நிப்பாரு, அம்மா சோறு கட்டிக் குடுப்பாங்க. இன்னிக்கு 32 லோரி ஓடுது. கோவிட் டைம்ல ரொம்ப கஷ்டம், ஆனா யாரையும் நிப்பாட்டல. டிரைவர் அண்ணனுங்க இல்லாட்டி நாங்க இல்ல, அவங்களுக்கு நன்றி, சாப்பாடு போட்டவங்களுக்கும் மேடை போட்டவங்களுக்கும் நன்றி. அடுத்த வருசம் கிடங்கு ஒண்ணு கட்டப் போறோம். இருவது வருசம் வேல செஞ்சவங்களுக்கு இன்னிக்கு விருது இருக்கு. YB வந்தாலும் வருவாரு. யாரையாச்சும் சொல்லாம விட்டிருந்தா மன்னிச்சுக்குங்க. எல்லாரும் நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க.

அறிகுறி: எத்தனை முறை வெட்டினாலும் நேரத்துக்குள் அடங்கவில்லை

இது வந்தால் பலரும் வாக்கியங்களைச் சுருக்கத் தொடங்குவார்கள். “ரொம்ப சந்தோசம்” இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்குவார்கள். ஏழு நிமிடம் ஆறரை நிமிடமாகும். அதற்கு மேல் குறையாது, ஏனென்றால் நீளத்துக்குக் காரணம் வாக்கியங்களில் இல்லை. ஒரே தாளில் நான்கு பேருடைய உரைகள் கலந்துகிடக்கின்றன.

நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கினேன். வரவேற்புரைக்குப் பிறகு கம்பெனி வரலாறு குறித்துப் படக்காட்சி, அதன்பின் டத்தோவின் சிறப்புரை, விருதளிப்பு, கடைசியில் என் மாணவருடைய தங்கை வழங்கும் நன்றியுரை. கையில் நான்கு நிறப் பேனாவை எடுத்துக்கொண்டு, குறிப்பின் ஒவ்வொரு வரியும் இந்த நிரலில் யாருக்குச் சொந்தம் என்று கோடு போட்டேன். சாப்பாடு, மேடை, டிரைவர்களுக்கு நன்றி, “யாரையாச்சும் விட்டிருந்தா” எல்லாம் தங்கையின் நன்றியுரைக்குப் போயின. கோவிட் காலத்தில் யாரையும் வேலையைவிட்டு நிறுத்தாதது படக்காட்சியில் ஏற்கெனவே இருந்தது. கிடங்குத் திட்டம் யாருக்கும் சொந்தமில்லை. அதற்கு இன்னும் நிலம்கூட உறுதியாகவில்லை என்று அவரே சொன்னார். மேடையில் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு எல்லோரும் கேட்பார்கள். அதை எடுத்துவிடச் சொன்னேன்.

வரவேற்புரைக்கென்று மிஞ்சுவது மூன்றே வேலை: வந்திருப்பவர் யார், கூடியிருப்பது எதற்கு, அடுத்து நடக்கப்போவது என்ன. மற்றவர் வேலையை முன்கூட்டியே செய்துவிட்டால் அவர்கள் மேடையேறும்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. முதலில் பேசுகிறவர் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டதால், நன்றியுரைக்கு எழுந்த பெண் தாளை மடித்துக்கொண்டு இரண்டு வரியோடு இறங்கியதை ஒரு விருந்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது அது.

நீளத்தைச் சொல் எண்ணிக்கையால் அளக்கலாம், ஆனால் ஆங்கில உரைக்கு வைக்கும் கணக்கைத் தமிழுக்கு வைக்காதீர்கள். “வந்திருப்பவர்களையும்” என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாகிவிடும். மேடையில் நிதானமாகப் படிப்பவர்களை நான் கடிகாரம் வைத்துப் பார்த்தவரை, நிமிடத்துக்கு 80 முதல் 90 தமிழ்ச் சொற்கள்தான் போகின்றன. பெயர், பட்டம், கைத்தட்டல் எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் என்றால் தாளில் 180 சொல்லுக்குமேல் வைக்கக் கூடாது.

அறிகுறி: விளிப்பில் நாக்குச் சிக்குகிறது, யாரோ ஒருவர் முகம் சுளிக்கிறார்

இதில் இரண்டு கோளாறு உண்டு. ஒன்று இலக்கணம், மற்றது வரிசை.

இலக்கணக் கோளாறு இப்படி வரும்: “சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் டத்தோ அவர்களே வரவேற்கிறேன்.” விளிப்பதும் வரவேற்பதும் வெவ்வேறு செயல்கள். விளிக்கும்போது “அவர்களே” என்று அழைக்கிறோம், அதோடு அந்த வரி முடிந்தது. வரவேற்கும்போது “அவர்களை வரவேற்கிறேன்” என்று ஐ உருபு வர வேண்டும். குறிப்பை எழுதும்போது இரண்டும் ஒரே நினைப்பில் வருவதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. விளிப்பு முழுவதையும் உரையின் தலையில் ஒரே பத்தியாக வைத்துவிடுங்கள். அதற்குக் கீழே எங்குமே “அவர்களே” வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வந்தால் உரை மறுபடி தொடங்குவதுபோல் கேட்கும். தாளில் “அவர்களே” என்பதை மட்டும் தேடி வட்டமிட்டாலே கோளாறு தெரிந்துவிடும்.

வரிசைக்கு அழைப்பிதழே ஆதாரம். அதில் யார் முதலில் இருக்கிறாரோ மேடையிலும் அவரே முதலில். விருந்தினரின் அலுவலகத்திலிருந்து வேறு வரிசை எழுதி அனுப்பினால் அதையே பின்பற்றுங்கள். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களை மலாயில் யாங் பெர்ஹொர்மாட், சுருக்கமாக YB, என்பதற்கு நாம் மாண்புமிகு என்கிறோம். அரசியல் பதவி இல்லாமல் டத்தோ பட்டம் மட்டும் உள்ளவருக்கு மாண்புமிகு சேர்க்கத் தேவையில்லை. மரியாதையாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் மாண்புமிகு போட்டால், உண்மையிலேயே அதற்குரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சங்கடமாகும்.

டத்தோவின் மனைவி டத்தின். ஆனால் தாமே பட்டம் பெற்ற பெண்மணியும் டத்தோதான். அவரைப் பெண் என்பதற்காக டத்தின் என்று விளித்தால் அவர் உழைத்துப் பெற்றதைக் கணவருக்குக் கொடுத்ததாகிவிடும். என் மாணவர் அழைத்திருந்த டத்தின், டத்தோவின் துணைவியார் என்று கேட்டு உறுதிசெய்த பிறகுதான் எழுதினேன். இன்னொன்று, பினாங்கு மாநிலம் தரும் பட்டத்தையும் மத்திய அரசு தரும் பட்டத்தையும் மலாயில் `Dato'`, `Datuk` என்று வெவ்வேறாக எழுதுவார்கள். தமிழில் இரண்டையும் பொதுவாக டத்தோ என்றே எழுதுகிறோம், ஆகவே உரையில் சிக்கல் வராது. மேடைத் திரையிலும் மேசை அட்டையிலும் மலாயில் அச்சடிக்கும்போது மட்டும் அவர் அலுவலகத்தில் கேட்டு எழுத வேண்டும்.

அறிகுறி: தொடக்கம் செந்தமிழாக இருக்கிறது, நடுவில் வீட்டுப் பேச்சாகிவிடுகிறது

“அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள். இன்னிக்கு ரொம்ப பேரு வந்திருக்கீங்க.” எழுதியவர் முதல் வரியை எங்கோ பார்த்து எழுதியிருப்பார், இரண்டாவது வரி அவருடையது. இதைச் சரிசெய்ய வினைமுற்றுகளைப் பிடியுங்கள். வந்திருக்காரு என்பது வந்திருக்கிறார், நிப்பாரு என்பது நிற்பார், கட்டப் போறோம் என்பது கட்டப்போகிறோம். வாக்கியத்தின் கடைசிச் சொல் நிமிர்ந்தால் முக்கால்வாசி வாக்கியம் தானாக நிமிரும். லோரி, ஃபெரி போன்ற சொற்களை விட்டுவிடலாம். சரக்குந்து என்று எழுதினால் 40 வருடமாக லோரி ஓட்டியவர்களே ஒரு கணம் யோசிப்பார்கள். டிரைவர் என்பதை ஓட்டுநர் ஆக்கினேன், அந்தச் சொல் எல்லோர் காதுக்கும் பழகியது.

எதிர்ப்பக்கத்துக் கோளாறும் இதே அளவு வருகிறது. தானே திருத்திப் பார்த்ததாக அவர் அனுப்பிய இன்னொரு வடிவத்தில் “நெஞ்சார்ந்த வரவேற்பினைத் தெரிவித்துக்கொள்ள விழைகின்றேன்” என்று இருந்தது. என் எதிரில் படிக்கச் சொன்னேன். “விழைகின்றேன்” மூன்று முறையும் “விளைகின்றேன்” ஆனது. விழைவது விரும்புவது, விளைவது வயலில் நெல் விளைவது. அந்த வரி முழுவதும் செய்யும் வேலையை “வரவேற்கிறேன்” என்ற ஒரு சொல்லே செய்துவிடும். முறையான உரைக்கு நீண்ட சொல் தேவையில்லை. சொல்பவர் நாவில் இடறாத சொல்லும், முழுமையாக முடியும் வாக்கியமும் போதும். படிக்கச் சொல்லிக் கேட்கும்போது எந்த இடத்தில் அவர் கண் பின்னோக்கிப் போகிறதோ அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள், அது எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும்.

அறிகுறி: விருந்தினரையும் கம்பெனி ஆளாக்கிவிட்டது போல் கேட்கிறது

“நாம் இந்தக் கம்பெனியை 40 வருடமாக நடத்திவருகிறோம்” என்று டத்தோவைப் பார்த்துச் சொன்னால், டத்தோவும் நடத்தினார் என்றாகிறது. “நாங்கள் இன்று கூடியிருக்கிறோம்” என்றால் அழைத்து உட்காரவைத்தவரை வெளியே தள்ளியதாகிறது. தமிழில் நாம் என்றால் கேட்பவரும் சேர்ந்தவர், நாங்கள் என்றால் கேட்பவர் சேராதவர். வீட்டில் யாரும் இதில் தவறுவதில்லை. தாளில் எழுதும்போது, குறிப்பாக ஆங்கில மாதிரியைப் பார்த்து எழுதும்போது தவறிவிடுகிறார்கள். தொடங்கினோம், உழைத்தோம், வரவேற்கிறோம் என்றால் நாங்கள். கூடியிருக்கிறோம், கொண்டாடுகிறோம் என்றால் நாம். உரையில் இந்த இரண்டும் சரியான இடத்தில் விழுந்தால், வந்தவர் விருந்தினராகவும் இருப்பார், கொண்டாட்டத்தில் பங்காளியாகவும் இருப்பார்.

ஓட்டுநர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அவர்களும் கம்பெனிதான். “எங்கள் ஓட்டுநர்கள்” என்று விருந்தினரிடம் சொல்லலாம். ஓட்டுநர்களையே பார்த்து “நாங்கள் உங்களுக்கு” என்று பேசினால் முதலாளி ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் என்றாகிவிடும்.

அறிகுறி: திருத்தியபின் உரை யாருக்கும் பொருந்தும் உரையாகிவிட்டது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதில்தான். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்தபோது தவறில்லாத ஓர் உரை கையில் இருந்தது. அதை எந்தக் கம்பெனியிலும் படிக்கலாம். குறிப்பில் இருந்த உயிர் எங்கே போனது என்று மறுபடி பார்த்தேன். விடிய விடிய ஃபெரி வரிசையில் நின்ற அப்பாவும் அம்மா கட்டிக்கொடுத்த சோறும், கதை என்று நான் கோடு போட்டுப் படக்காட்சிக்குத் தள்ளிய வரியில் போயிருந்தார்கள். படக்காட்சியில் ஃபெரி இல்லை, லோரிகளின் படம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அதை மீட்டுக்கொண்டேன். கூடியிருப்பது எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஒரு குறிப்பிலிருந்து ஒரு காட்சியை மட்டும் இப்படி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது காட்சி வந்தால் உரை மறுபடி கதையாக இழுக்கும்.

வைத்துக்கொள்ளும் அந்த ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அவர் குறிப்பில் அப்பா தொடங்கியது 86, அப்போது பாலம் இல்லை என்று இருக்கிறது. பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல். இரண்டில் ஒன்று தவறு. அந்த மண்டபத்தில் 60 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் பாலம் திறந்த ஆண்டு நினைவிருக்கும், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் சொல்வார்கள். பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதில் 1984 என்று இருந்தது. 86 என்பது இரண்டாவது லோரி வாங்கிய ஆண்டாம். விருந்து நடந்தது 2024-இல் என்பதால் 40ஆம் ஆண்டு என்ற கணக்கும் அப்போதுதான் சரியாக வந்தது. குறிப்பில் ஓர் ஆண்டும் ஓர் இடமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள்.

“லோன் குடுத்த” என்பதையும் எடுத்துவிட்டேன். நன்றியோடுதான் சொல்கிறார், ஆனால் யார் யாரிடம் கடன் வாங்கினார் என்பது வங்கி மேலாளர் பொதுமேடையில் கேட்க விரும்பாத செய்தி.

அறிகுறி: தமிழ் தெரியாதவர் இருக்கிறார் என்று எல்லாவற்றையும் மும்மொழியில் சொல்லத் தோன்றுகிறது

அப்படிச் செய்தால் மூன்று நிமிடம் ஒன்பதாகும். தொடக்கத்தில் மலாயில் ஒரு வரவேற்பு வரி போதும். சிறப்புரை ஆங்கிலத்தில் இருக்கப்போகிறது என்றால் அதுவே அவர்களுக்கு ஈடுசெய்யும்.

எல்லாம் முடிந்து அமைந்த உரை:

> அனைவருக்கும் வணக்கம். சலாம் செஜாத்ரா, செலாமாட் டாத்தாங்.
>
> சிறப்பு விருந்தினர் டத்தோ அவர்களே, டத்தின் அவர்களே, வங்கி மேலாளர் அவர்களே, வாடிக்கையாளர்களே, ஓட்டுநர்களே, அலுவலக நண்பர்களே, குடும்பத்தினரே,
>
> 1984ஆம் ஆண்டு எங்கள் தந்தையார் ஒரே ஒரு பழைய லோரியுடன் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது பினாங்குப் பாலம் திறக்கப்படவில்லை. தீவுக்குச் சரக்குக் கொண்டுபோக லோரி ஃபெரியில் ஏற வேண்டும். விடிய விடிய வரிசையில் காத்திருந்த அவருக்கு, அம்மா கட்டிக்கொடுத்த சோறுதான் துணை. அந்த ஒரு லோரி இன்று 32 லோரிகளாகியிருக்கிறது. அந்த 40 ஆண்டுகளைக் கொண்டாட நாம் இன்று கூடியிருக்கிறோம்.
>
> எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் டத்தோ அவர்களையும் டத்தின் அவர்களையும் நிறுவனத்தின் சார்பில் வரவேற்கிறேன். நீண்ட காலமாக எங்களோடு நிற்கும் வங்கியின் மேலாளரை வரவேற்கிறேன். தங்கள் சரக்கை நம்பி எங்களிடம் ஒப்படைக்கும் வாடிக்கையாளர்களை வரவேற்கிறேன். இந்த 32 லோரிகளையும் ஓட்டும் ஓட்டுநர்களையும், அலுவலகத்தில் அவர்களுக்குத் துணை நிற்பவர்களையும், அவர்கள் வீடு திரும்பும்வரை விழித்திருக்கும் குடும்பத்தினரையும் வரவேற்கிறேன்.
>
> 20 ஆண்டுகள் இந்த நிறுவனத்தில் உழைத்தவர்கள் இன்று டத்தோ அவர்களின் கையால் விருது பெறுகிறார்கள். அதைக் காண வந்திருக்கும் உங்கள் அனைவரையும் மீண்டும் ஒருமுறை வரவேற்று அமர்கிறேன். நன்றி, வணக்கம்.

பெயர்களைச் சேர்த்து அவர் வீட்டில் படித்தபோது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. மேடையில் கைத்தட்டலோடு இரண்டரை ஆகும் என்று விட்டுவைத்தேன்.

அறிகுறி: வருவாரா மாட்டாரா என்று தெரியாத விருந்தினர்

குறிப்பில் “YB வந்தாலும் வருவாரு” என்று ஒரு வரி இருந்தது. இப்படிப்பட்டவரை உரைக்குள் எழுதிவிட்டு, அவர் வராவிட்டால் மேடையில் தாண்டிப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வாசிக்கும் பதற்றத்தில் கண் தாண்டாது. வெறும் நாற்காலியை வரவேற்றுவிடுவார்கள். இரண்டு தாள் அச்சடிக்கச் சொன்னேன். முதல் தாள் மேலே உள்ளபடி. இரண்டாவதில் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே என்று விளிப்பில் அழைப்பிதழ் வரிசைப்படி ஒரு வரியும், வரவேற்கும் பத்தியில் “மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களை வரவேற்கிறேன்” என்று ஒரு வரியும் கூடுதலாக இருக்கும். எழுத்து 18 புள்ளி அளவு, ஒவ்வொரு வாக்கியமும் புது வரியில், எந்த வாக்கியமும் பக்கம் தாண்டக் கூடாது. தாளின் மேல் மூலையில் பெரிதாக “வந்தார்”, “வரவில்லை” என்று எழுதி, இரண்டையும் தங்கையிடம் கொடுத்துவைக்கச் சொன்னேன். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி அழைக்கும் நேரத்தில் வாசலைப் பார்த்துவிட்டு எதைக் கொடுப்பது என்று அவள் முடிவு செய்தாள். அன்று கையில் போனது “வந்தார்” என்ற தாள். அவர் வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.